தொட்டில் போடுவதற்கு முன் மூன்று பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தோம்

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன். கீழே தெருவில் ஷேர் ஆட்டோக்களின் சத்தம் கேட்கும். அதை நிறுத்த வழியில்லை என்பதோடு, இன்றைய வேலைக்கு அந்தச் சத்தம் எனக்குத் தேவையும்கூட. என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தொட்டில் போடுகிறோம். அத்தை என்கிற முறையில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டியவள் நான் என்பதால், அந்தப் பெயர் காதுக்கும் வாய்க்கும் எப்படி இருக்கிறது என்பதை முன்பே சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் பேசிப் பேசி யாழினி, தாரிகா, கயல் என்று மூன்று பெயர்களுக்கு வந்திருந்தோம். தம்பியின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவன் பெயர் 'நா' என்ற எழுத்தில் தொடங்குகிறது, அவன் மனைவியின் பெயர் 'செ' என்ற எழுத்தில் தொடங்குகிறது என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். பெயர் தேர்வு செய்கிற பலரும் பெயரைத் தனியாகச் சொல்லிப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, தகப்பனாரின் முதலெழுத்தைச் சேர்த்துச் சொல்லிப் பார்ப்பதே இல்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

முதலில் தொலைபேசியை எடுத்துக்கொள்கிறேன். சாதாரணத் தொலைபேசி அழைப்பில் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டுமே கடந்து செல்கிறது. ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற சீறல் ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால், அது வழியிலேயே வெட்டுப்பட்டுவிடுகிறது. இப்போதைய 4ஜி அழைப்புகளில் இதைவிட அகலமான ஒலி கிடைப்பது உண்மைதான். ஆனாலும் எதிர்முனையில் பழைய கருவியோ லேண்ட்லைனோ இருந்தால் அழைப்பு மீண்டும் பழைய குறுகிய ஒலிக்கே இறங்கிவிடும். ஆகவே வாட்ஸப் அழைப்பில் பெயரைச் சொல்லிப் பார்த்து, தெளிவாகக் கேட்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சாதாரண அழைப்பில், முடிந்தால் எதிரில் இருப்பவர் ஸ்பீக்கரில் போட்டிருக்கும்போது சொல்லிப் பாருங்கள்.

சொல்லும் விதமும் முக்கியம். "குழந்தைக்கு யாழினி என்று பெயர் வைக்கப் போகிறோம், எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் பெயரை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொள்கிறார். அது சோதனை ஆகாது. அந்தப் பெண் வளர்ந்த பிறகு மருத்துவமனைக்கோ வங்கிக்கோ தொலைபேசியில் அழைத்தால், "யாழினி பேசுகிறேன்" என்றுதான் தொடங்குவாள். பெயர் வாக்கியத்தின் தலையில் நிற்கிறது, எதிரில் இருப்பவரோ அந்த நொடியில்தான் கருவியைக் காதுக்குக் கொண்டு போகிறார். எனவே நான் ஆறு பேரை அழைத்து, எதுவும் விளக்காமல், ஒரே ஒரு முறை, "யாழினி பேசுகிறேன், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னேன். ஒரே பெயருக்குப் பழகிவிடக் கூடாது என்பதற்காக மூன்று பெயர்களையும் மூன்று வேறு நாள்களில் சொன்னேன். அவர்களில் ஒருவர் திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் பெரியம்மா. இன்னொருவர் விடியற்காலையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலச் சத்தத்துக்கு நடுவே நிற்கும் என் சித்தப்பா. மற்றொருவர் மும்பையில் வேலை செய்யும், தமிழ் அறியாத என் தோழி. மற்ற மூவரும் அக்கம்பக்கத்தார்.

யாழினியைச் சரியாகக் கேட்டவர்கள் இரண்டே பேர். இருவர் "மாலினியா?" என்றார்கள், ஒருவர் "ஷாலினியா?" என்றார். சித்தப்பா ஒருபடி மேலே போய், "யாரு நீ?" என்று அதட்டினார். அவர் கோபமாகக் கேட்டதாக நினைத்து நான் பதறினேன். பிறகுதான் நான் சொன்ன பெயரே அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது என்று புரிந்தது. இங்கே நான் கவனித்தது எத்தனை பேர் தவறாகக் கேட்டார்கள் என்பதை மட்டும் அல்ல, எப்படித் தவறினார்கள் என்பதையும்தான். ஆளுக்கொரு தவறாக இருந்தால் அது இரைச்சலின் குற்றம். வெவ்வேறு இடங்களில் இருக்கும் மூன்று பேர் ஒரே வகைத் தவறைச் செய்தால் குற்றம் பெயருடையது. மாலினி, ஷாலினி, நளினி என்று ஏற்கெனவே காதில் பதிந்த பெயர்களின் வரிசையில் யாழினியும் சேர்வதால், முதல் எழுத்து சற்று மங்கினாலும் காது தனக்குத் தெரிந்த பெயருக்குத் தாவிவிடுகிறது.

தாரிகாவுக்கு இரண்டு பேர் "சாரிகா" என்றார்கள். கயலுக்கு ஒருவர் மட்டும் "கமல்" என்றார். தொலைபேசியில் கயல் முந்திவிட்டது.

அடுத்தது எழுத்துக்கூட்டு. இதற்கு எங்கள் பேட்டையே நல்ல சாட்சி. 2020ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத ஆணையிட்டபோது, Tondiarpet என்பது Thandaiyaarpettai என்று நீண்டது. சில நாள்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊருக்கே இந்தப் பாடு என்றால் ஒரு குழந்தை எத்தனை விண்ணப்பங்களில் எத்தனை விதமாக எழுதப்படுவாள் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே ஆறு பேரிடம் பெயரை நேரில் அல்லது வாட்ஸப்பில் தெளிவாகச் சொல்லி, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னேன். எந்த எழுத்து என்று நான் உதவவில்லை. யாழினி எனக்கு Yazhini, Yalini, Yaazhini, Yaalini என்று நான்கு விதமாக வந்து சேர்ந்தாள். Yazhini என்று எழுதியதைத் தமிழ் தெரியாத மும்பைத் தோழி திரும்பப் படித்தபோது "யாஜினி" என்றாள், ஏனென்றால் zh என்பது ழகரத்தைக் குறிக்கும் என்ற உடன்பாடு தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் வெளியே பலருக்குத் தெரியாது. வெளியூரைச் சொல்வானேன், பழத்தைப் 'பயம்' என்று சொல்லும் எங்கள் பகுதியில், என் ஆயா முதல் நாளில் இருந்தே அவளை "யாயினி" என்றுதான் கொஞ்சுகிறார். அதில் ஓர் அழகு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. தாரிகாவின் சிக்கல் வேறு. தமிழில் 'த' ஒன்றுதான், ஆங்கிலத்திலோ அது Tharika, Tarika, Dharika என்று மூன்றாகப் பிரிகிறது. கயலை ஆறு பேரும் Kayal என்றே எழுதினார்கள். ஒரே ஒரு கைப்பேசி மட்டும், தானாகத் திருத்தும் வசதியின் தயவில், அவளை Kajal ஆக்கி அனுப்பியது.

இனி முதலெழுத்துக்கு வருகிறேன். இதை நாங்கள் கடைசியாக வைத்துக்கொண்டது பெரிய பிழை, முதலிலேயே செய்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். பள்ளி ஆவணங்களில் முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்த பிறகு, ஆங்கிலத்தில் என். யாழினி என்று பார்த்து நிம்மதி அடைவது போதாது. வருகைப் பதிவேட்டில் ஐம்பது பெயர்களை ஆசிரியர் வாசிக்கும் வேகத்தில், புள்ளிக்கு நிறுத்தம் கொடுக்காமல் சொல்லிப் பாருங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். "நா. யாழினி" என்று இரண்டு முறை சொன்னான். மூன்றாவது முறை அது 'நாயாழினி' ஆனது. நான்காவது முறை அவன் 'நாய்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டான். சரி, தாரிகாவைச் சொல் என்றேன். "நா. தாரிகா." வேகமாகச் சொல்ல வேண்டிய தேவைகூட ஏற்படவில்லை. 'நாதாரி' என்ற வசவை வட சென்னையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் போதும், அந்தப் பெண்ணின் பள்ளிக் காலம் முழுவதையும் அந்த ஒரு சொல்லால் நிரப்பிவிடுவான். மாதக்கணக்காக அந்தப் பெயரை ஆசையோடு சொல்லி வந்த நாங்கள் ஒருவரும் அதைக் கேட்கவே இல்லை.

தாரிகா அந்த நொடியே போய்விட்டாள். யாழினியைக் காப்பாற்ற என் தம்பி மனைவி மிகவும் முயன்றாள். பெற்றோர் இருவரின் முதலெழுத்தையும் வைத்து 'நா. செ. யாழினி' என்று எழுதலாமே என்றாள். நடுவில் 'செ' வந்து நிற்பதால் 'நாய்' கலைந்துவிடுகிறது. நல்ல வழிதான், ஆனால் பல படிவங்களிலும் பதிவேடுகளிலும் எழுதுகிறவர் ஒரே ஒரு முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார். அப்படி விடுபடும்போது மிஞ்சுவது பெரும்பாலும் தகப்பனுடையதுதான். 'நா. கயல்' என்பதை எத்தனை வேகத்தில் சொன்னாலும் அது வேறு சொல் ஆகவில்லை. ஆங்கிலத்தில் முன்னால் வைத்து N. Kayal என்றும், பின்னால் வைத்து Kayal N என்றும், அலுவலக மின்னஞ்சல் பாணியில் nkayal என்றும் kayaln என்றும் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் இடிக்கவில்லை.

இந்த மூன்று சோதனைகளுக்கும் நான் ஒரே எடை கொடுக்கவில்லை. தொலைபேசியில் தவறாகக் கேட்டால், "யாழ்ப்பாணத்தில் வரும் யாழ்" என்று ஒரு சொல் சேர்த்து அந்த நிமிடத்திலேயே சரிசெய்துவிடலாம். கேலிப் பெயர் பள்ளியோடு ஓரளவு தேய்ந்துவிடும். எழுத்துக்கூட்டு அப்படியல்ல. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று என்று பிரிந்துவிட்டால், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அத்தனையும் ஒன்றாக வந்து எதிரே நிற்கும். ஆகவே எழுத்துக்கூட்டில் நான்கு விதமாகப் பிரிந்த பெயரை விட்டுக்கொடுக்கச் சொல்லி நான்தான் வாதாடினேன். தம்பி மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. யாழினி வீட்டுப் பெயராக இருக்கட்டும் என்றதும் சமாதானம் ஆனாள். ஆயாவுக்கும் 'யாயினி' பறிபோகாமல் இருக்கும்.

பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்பதால் எங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருவதால், படிவத்தில் இரண்டையும் நானே எழுதித் தரப் போகிறேன். வாயால் சொல்லி வேறொருவரை எழுத விடப் போவதில்லை.

ஒரு சோதனை இன்னும் பாக்கி இருக்கிறது. இந்த மாடியில் இருந்து, தெரு முனையில் நிற்கும் தம்பியிடம் கேட்கும்படி கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். "கயல்! கயல்!" கடைசியில் வரும் 'ல்' இந்த ஆட்டோ சத்தத்தில் கரைந்துவிடுகிறது என்று கையை ஆட்டிச் சொல்கிறான். "கயலூ!" இப்போது கேட்கிறதாம்.