சேரும் நாளில் முதலில் எழுத வேண்டியது

நேயர்களுக்கு வணக்கம். கோவைப் பக்கம் பம்பு, மோட்டார் செய்யும் தொழிற்சாலைகளில் 26 வருடம் பெர்சனல் ஆபீசராக இருந்தவன் நான். இப்போது அந்த வேலைக்கு எச்.ஆர். என்று பெயர். மேசை அதேதான். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேரும்போது அவருக்கு என்ன கொடுக்க வேண்டும், அவரிடம் என்ன வாங்க வேண்டும், அவர் பேரில் என்னென்ன கணக்கு தொடங்க வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் பேசிவிடலாம் என்று எழுதிக்கொண்டுதான் வந்திருக்கிறேன், பார்ப்போம்.

நான் வைத்திருந்த சரிபார்ப்புப் பட்டியலில் முதல் வரி ஷூவும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. "ஆதாரில் உள்ளபடி பெயர்" என்பதுதான் முதல் வரி. இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நம் ஊரில் இது பெரிய விஷயம்தான், ஏனென்றால் நமக்கு இனிஷியல் இருக்கிறது.

முருகன் என்று ஒருவர், அப்பா பெயர் சுப்பிரமணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகன். ஆதாரில் முருகன் எஸ். பான் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும்; அதனால் அங்கே முருகன் சுப்பிரமணி. வங்கி பாஸ்புக்கில் வெறும் முருகன். வீட்டில், தெருவில், டீக்கடையில் இவர் ஒரே ஆள். கணினிக்கு நான்கு பேர். நீங்களே உங்கள் ஆதாரையும் பான் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதிப் பேருக்காவது சிரிப்பு வரும்.

இந்தப் பெயர்க் கோளாறு எங்கே வந்து கடிக்கும் என்றால், பி.எஃப். கணக்கில். சேரும் நாளில் படிவம் 11 என்று ஒரு தாள் கொடுப்போம். அதில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். இதற்கு முன் நீங்கள் பி.எஃப். உறுப்பினராக இருந்தீர்களா? ஆம் என்றால் உங்கள் பழைய யுஏஎன் எண்ணைத் தாருங்கள். 12 இலக்க எண் அது, 2014-இல் வந்தது. எத்தனை கம்பெனி மாறினாலும் ஒருவருக்கு ஒரே எண்தான் என்பது ஏற்பாடு.

ஒரு லேத் ஆபரேட்டர் எங்களிடம் சேர்ந்தார். நல்ல தொழிலாளி. படிவம் 11-இல் "இல்லை" என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். நான் அப்போது லீவு; என் உதவியாளர் வாங்கி வைத்துவிட்டார். புது எண் வந்தது, மாதாமாதம் பணம் போனது. 7 வருடம் கழித்து ஊருக்குப் போய்ச் சொந்தமாகப் பட்டறை போடுகிறேன் என்று வந்து நின்றார். கணக்கை முடிக்க உட்கார்ந்தபோதுதான், "சார், திருப்பூர்ல ஒரு கம்பெனியில இருந்தேனே, அந்தப் பணம் என்ன ஆகும்?" என்றார். அங்கே 3 வருடம் 4 மாதம் இருந்திருக்கிறார். அப்புறம் ஏனப்பா இல்லை என்று போட்டாய் என்று கேட்டேன். "சொல்லாம நின்னுட்டேன் சார். ஆமான்னு போட்டா அங்க போன் பண்ணிக் கேப்பீங்களோன்னு பயம்."

இதில் என்ன நஷ்டம்? சேமிப்புப் பணம் எங்கும் போகாது. பென்ஷன்தான் பிரச்சினை. நிறுவனம் சம்பளத்தில் 12 சதவீதம் கட்டுகிறது; அதிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீத அளவு பென்ஷன் கணக்குக்குப் போகிறது. மாதப் பென்ஷன் கிடைக்க மொத்தம் 10 வருட சேவை வேண்டும். அவருக்கு 3 வருடம் 4 மாதமும் 7 வருடமும் சேர்த்தால் 10 தாண்டிவிட்டது. தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே 10-ஐத் தொடவில்லை. சரி, இரண்டையும் சேர்த்துவிடலாம் என்றால், அங்கே பெயர் எஸ். முருகன் மாதிரி இனிஷியல் முன்னால், இங்கே இனிஷியல் பின்னால். பிறந்த தேதியும் வேறு. பழைய இடத்தில் வாயால் சொன்னதை எழுதியிருக்கிறார்கள்.

இதைத் திருத்த ஜாயின்ட் டிக்ளரேஷன் என்று ஒன்று உண்டு. தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திட்டு, இவர்தான் அவர் என்று சொல்ல வேண்டும். திருப்பூர் கம்பெனியோ மூடிக் கிடந்தது. மூடிய கம்பெனி என்றால் கெசட்டட் அதிகாரி போன்றவர்களிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். அலைந்தார், நானும் கூட அலைந்தேன். 11 மாதம் ஆனது. சேர்ந்த அன்று ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பேசியிருந்தால் முடிந்திருக்கும்.

அதற்கப்புறம் படிவம் 11-ஐ நான் தாளாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். முதலில் டீ, அப்புறம் பேச்சு. "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க? சம்பளத்துல பி.எஃப். பிடிச்சாங்களா?" என்று கேட்பேன். பழைய இடத்துக்குப் போன் செய்ய மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அப்போது உண்மை வரும். இப்போது புது யுஏஎன் எடுப்பதே அரசின் உமாங் செயலியில் தொழிலாளி தன் முகத்தைக் காட்டித்தான், பெயர் ஆதாரிலிருந்தே வருகிறது. நல்லதுதான். ஆனால் ஆதாரே தப்பாக இருந்தால் அந்தத் தப்பும் கூடவே வரும். அதனால் பெயர், பிறந்த தேதி இரண்டையும் முதலில் ஆதாரில் சரிசெய்துகொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை, மற்ற எல்லாமே அதைப் பார்த்து எழுதப்படுவதுதான்.

மற்றப் படிவங்களை வேகமாகச் சொல்கிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் ஈ.எஸ்.ஐ. உண்டு. பதிவு செய்ய 10 நாள் அவகாசம் இருக்கிறதே என்று சிலர் வைத்திருப்பார்கள். வைக்காதீர்கள், முதல் நாளே போட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் பிரஸ் மெஷினில் கை மாட்டி, அதற்குப் பின் பதிவு செய்தால் கேள்வி மேல் கேள்வி வரும். பான் எண் தராவிட்டால் வரி கட்ட வேண்டியவருக்கு 20 சதவீதம் பிடிக்க வேண்டிவரும். வங்கிக் கணக்கு எண்ணை வாயால் சொல்லக் கேட்டு எழுதாதீர்கள், பாஸ்புக் முதல் பக்க நகல் வாங்குங்கள். பணம் எண்ணைப் பார்த்துத்தான் போகும், பெயரைப் பார்த்துப் போகாது. ஓர் இலக்கம் மாறினால் சம்பளம் வேறு யாருக்கோ போய்விடும்.

கொடுக்கும் பொருள்களுக்கு வருகிறேன். சேஃப்டி ஷூ, ஹெல்மெட், சீருடை, லாக்கர் சாவி. ஷூ அளவை வேலைக்கு எடுத்த அன்றே கேட்டுவிட வேண்டும். முதல் நாள் கேட்டால் ஸ்டோரில் 8 இருக்காது, 10 இருக்கும். அந்த ஆள் செருப்போடு மெஷின் ஓடும் ஷாப்புக்குள் போவார். ஆபீஸ் ஆள்களுக்கு லாப்டாப். லாப்டாப் ஒன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், சார்ஜரை எழுத மாட்டார்கள். போகும்போது லாப்டாப் வரும், சார்ஜர் வராது. சீரியல் எண், சார்ஜர், மவுஸ், பை, எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி போடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது போல. கணக்குகளைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல், வருகைப்பதிவு விரல்ரேகை, பில் போடும் மென்பொருள் என்று தொடங்கும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் விடுங்கள். அவர் போகும் நாளில் அது மூடப்பட்ட தேதியை எழுத. அந்தக் கட்டம் இல்லாமல், போய் இரண்டு வருடம் ஆனவர் பெயரில் எங்கள் ஸ்டோர் கணினியில் ஒருவர் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தார். அது யார் என்று கண்டுபிடித்தது தனிக் கதை, இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.