போனில் எழுத்தைப் பெரிசாக்கினாலும் உங்கள் கேரோசல் ஏன் பெரிசாகாது?

[திரையில்: இரண்டு போன்கள், ஒரே ஸ்லைடு]

வணக்கம். இடது போனில் சாதாரண எழுத்து, வலது போனில் செட்டிங்ஸ்ல எழுத்தளவு உச்சத்தில் இருக்கு. மெனு பெரிசாச்சு, மெசேஜ் பெரிசாச்சு. ஆனால் நாம போட்ட கேரோசல், அதாவது விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற ஸ்லைடு வரிசை, அப்படியேதான் இருக்கு! ஏன்னா அது படம். படத்துக்குள்ள இருக்கிற எழுத்து செட்டிங்ஸ் பேச்சைக் கேட்காது. இன்ஸ்டாகிராமில் விரலால் விரிச்சுப் பார்த்தாலும், விரலை எடுத்ததும் பழையபடி சுருங்கிடும். அதனால அளவைத் தீர்மானிக்கிறது நாம மட்டும்தான்.

கணக்கு சுலபம். நாம வடிவமைக்கிற படத்தின் அகலம் 1080 பிக்சல். போன் திரையின் அகலம் சுமார் 360 அலகு. மூணில் ஒரு பங்காகச் சுருங்குது. நீங்க எழுத்தளவு 32 வச்சா, கையில் தெரியறது 11கூட இல்லை. நான் 56-க்குக் கீழே போகறதில்லை. அது போனில் 18, 19 ஆகத் தெரியும்.

தமிழுக்கு இதில் ஒரு தனி ஆபத்து. [திரையில்: பல / பல்] புள்ளி போனா பொருளே போச்சு. சின்ன எழுத்தில், வெளிர் சாம்பல் நிறத்தில், முதலில் மறையறது அந்தப் புள்ளிதான். வரி இடைவெளியை எழுத்தளவில் ஒன்றரை மடங்கு வையுங்க. இல்லைன்னா மேல்வரியின் கால், கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும்.

இப்போ ஒரு ஸ்லைடில் எவ்வளவு எழுதலாம், எங்கே வெட்டலாம்னு பார்ப்போம். ஒரு ஸ்லைடை எடுத்துக்குவோம்: வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி. 60 சொற்கள், ஒரே படம். 56 அளவில் ஒரு வரிக்கு மூணு சொல்தான் வரும், ஏழு வரின்னா சுமார் 20 சொல். அப்போ மூணு ஸ்லைடு. வெட்டுற இடம்தான் முக்கியம். "அஞ்சு நிமிடம் அமைதியாக உட்காருங்கள்" ஒரு ஸ்லைடு. முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் வைப்பது அடுத்தது. கை இதய மட்டத்தில் இருக்கணும் என்பது மூணாவது. வாக்கியம் பாதியில் நின்னு அடுத்த ஸ்லைடுக்குத் தாவவே கூடாது.

காரணம் சொல்றேன். விரலை எடுக்கும்போது ஆப் தூரத்தையும் வேகத்தையும் பார்க்கும். மெதுவா, பாதித் தூரம்கூடத் தள்ளாம விட்டா, ஸ்லைடு பழைய இடத்துக்கே திரும்பிடும், பாதி வாக்கியத்தின் மீதி கிடைக்காது. என் அப்பா "இதைப் படிச்சேனே, மறுபடி வருதே"ன்னு குழம்பினதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆப் எதிர்பார்க்கிற அந்த வேகத்தை நம்மால் மாத்த முடியாது. ஆனால் மூலையில் பெரிசா "2/3"ன்னு போட்டா, நகரலைன்னு அவருக்கே தெரியும்.

உங்க சொந்த இணையதளத்தில்னா தானா நகர்றதை நிறுத்துங்க, அம்புக்குறிப் பட்டன் வையுங்க.

கடைசியா ஒரு சோதனை. வீட்டில் பெரியவர் கையில் போனைக் கொடுத்து, எதுவும் சொல்லாம பாருங்க. போனைக் கண்ணிலிருந்து தள்ளித் தள்ளிப் பிடிச்சா எழுத்து சின்னது. முந்தின ஸ்லைடுக்குத் திரும்பிப் போனா வெட்டின இடம் தப்பு. உங்க வீட்டில் எது நடந்துச்சு? கமெண்டில் எழுதுங்க.