படிவத்தில் தாயின் பெயர் ஏன்? தகப்பன் பெயர் இல்லாத பிள்ளையை எப்படிப் பதிகிறார்கள்?

[திரையில்: ஒரு பிறப்புப் பதிவுப் படிவம். தகப்பனின் விபரம் கேட்கும் கூடும் தாயின் விபரம் கேட்கும் கூடும் நிறம் மாறித் தெரிகின்றன.]

வணக்கம். பாடசாலை அனுமதி, அடையாள அட்டை, கடவுச்சீட்டு என்று எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெற்றோர் விபரம் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பனின் பெயரைத்தான் முதலெழுத்தாகப் போடுகிறோம். அதனால் தகப்பன் பெயரை ஏன் கேட்கிறார்கள் என்று எவருக்கும் விளக்கத் தேவையில்லை. தாயின் பெயர் எதற்கு என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. அதைவிட முக்கியமாக, தாயின் பெயர் மட்டுமே உள்ள ஒரு பிள்ளையைப் பிறப்புப் பதிவில் எப்படி எழுதுகிறார்கள் என்பது தேவைப்படுகிறவர்களுக்கே தெரியாமல் இருக்கிறது. விதானையாரிடம் கேட்கக் கூச்சம், பதிவாளரிடம் கேட்கப் பயம். அந்தத் தயக்கத்தில் நாட்கள் போய்விடுகின்றன, சிலர் பொய்யான பெயரையே எழுதிவிடுகிறார்கள். அந்த இடத்தைத்தான் இந்த வீடியோவில் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் தாயின் பெயர். ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறக்கும்போது அதற்குப் பெயர் இல்லை. கையில் கட்டுகிற பட்டியில் தாயின் பெயர்தான் இருக்கும். வார்டு பதிவில் தாயின் பெயர், ஆஸ்பத்திரி கொடுக்கிற பிறப்பு அறிக்கையிலும் தாயின் பெயர். இந்தத் தாய்க்கு, இந்தத் திகதியில், இந்தப் பிள்ளை பிறந்தது என்பதைக் கண்ணால் கண்ட ஆட்கள் இருக்கிறார்கள். தகப்பன் விஷயம் அப்படி இல்லை. தகப்பன் யார் என்பதைச் சட்டம் மூன்று வழியாகத்தான் அறிகிறது: தாய் கல்யாணம் செய்திருக்கிறாள், அல்லது ஒருவர் தானே வந்து நான்தான் தகப்பன் என்று கையெழுத்து வைக்கிறார், அல்லது நீதிமன்றம் சொல்கிறது. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாவிட்டால் பதிவாளருக்குத் தெரிந்த ஒரே பெற்றார் தாய்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே ஊரில் ஒரே முதலெழுத்தோடு ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், சில வேளை தகப்பன்மாரின் பெயரும் ஒன்றாகவே இருக்கும். அப்போது ஆளைப் பிரித்துக் காட்டுவது பிறந்த திகதியும் தாயின் பெயரும். அதனால்தான் படிவத்தில் தாயின் சொந்தப் பெயரைக் கேட்கிறார்கள். "திருமதி இன்னார்" என்று புருஷனின் பெயரை எழுதினால் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதாகாது. தாயின் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், அதே எழுத்தில், அப்படியே வரவேண்டும்.

[திரையில்: "தகப்பன்" கூடு மட்டும் பெரிதாகிறது.]

சரி, இப்போது தகப்பன் பெயர்க் கூடு. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம்தான் இங்கே அடிப்படை. கல்யாணம் செய்யாத ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தால், பதிவாளர் தகப்பன் என்று எந்த ஆணின் பெயரையும் தன் பாட்டில் எழுத முடியாது. தாய் மட்டும் போய் "இன்னார்தான் தகப்பன்" என்று சொன்னாலும் எழுத முடியாது. தாயும் அந்த ஆணும் சேர்ந்து கேட்டு, இரண்டு பேரும் பதிவில் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். பதிவாளர் தகப்பன் பெயரை எழுத மறுத்துவிட்டார் என்று அழுதுகொண்டு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர் சட்டத்தின்படிதான் நடந்திருப்பார். ஆனால் அதை அவளுக்கு மரியாதையாக விளங்கப்படுத்த வேண்டிய கடமையும் அவருக்கு இருக்கிறது, அதில்தான் பல இடங்களில் குறை.

அதே சட்டத்தின் மறுபக்கத்தையும் கேளுங்கள், இதைத்தான் ஆட்கள் அறியாமல் இருக்கிறார்கள். தகப்பன் பெயர் இல்லை என்பதற்காகப் பதிவைத் தடுத்து வைக்க முடியாது. அந்தக் கூட்டைக் கோடு போட்டு விட்டுவிட்டு, தாயின் விபரங்களை வைத்துப் பிள்ளையைப் பதியலாம். அது முழுமையான பதிவுதான், அரைகுறைப் பதிவு இல்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம், பெயர்கள் நான் வைப்பவை. பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெண், பெயர் கலைவாணி, அவளுடைய தகப்பன் யோகராசா. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளையின் தகப்பன் கையெழுத்து வைக்க வரமாட்டார். பிள்ளைக்கு ஆதவன் என்று பெயர் வைக்கிறாள். ஆஸ்பத்திரி கொடுத்த பிறப்பு அறிக்கை, தன் அடையாள அட்டை, தன் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பிள்ளை பிறந்த பிரிவின் பதிவாளரிடம் போகிறாள். 42 நாளுக்குள் போக வேண்டும். மூன்று மாதம் தாண்டிவிட்டால் அது காலங்கடந்த பதிவு, பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளருக்குப் பிரகடனம் கொடுத்து, கிராம அலுவலரின் அறிக்கையும் எடுத்து நீண்டுகொண்டு போகும். கூச்சத்தால் தள்ளிப்போடுகிற தாய்மார் இந்த அலைச்சலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். யாரிடம் கேட்கக் கூச்சப்பட்டாளோ அவரிடமே பிறகு கடிதம் வாங்கப் போக வேண்டி வரும்.

பதிவாளர் எழுதும்போது தகப்பன் கூடு வெறுமை. தாயின் கூட்டில் அவளுடைய முழுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம். "பெற்றார் விவாகஞ் செய்தவர்களா" என்ற கேள்விக்கு இல்லை என்று வரும். தகவல் கொடுத்தவர் தாய், கையெழுத்து அவளுடையது.

இப்போது பிள்ளையின் பெயரை எழுதுகிற கூட்டுக்கு வருவோம், கலைவாணி கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். நம்மூரில் பெரும்பாலும் அந்தக் கூட்டில் "ஆதவன்" என்று மட்டும் எழுதிவிடுவார்கள். முதலெழுத்து பிறகு தகப்பன் கூட்டில் இருந்து தானாக வந்துவிடும் என்ற நினைப்பு. தகப்பன் கூடு வெறுமையாக இருந்தால் எங்கிருந்து வரும்? முதலாம் வகுப்பில் சேர்க்கிற அன்று ஆசிரியர் ஒன்றைப் போடுவார், கிளினிக் கொப்பியில் வேறொன்று இருக்கும், பதினைந்து வயது கடந்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது மூன்றாவதாக ஒன்று. ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர். சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழில் ஏறிய பிறகு அதை ஒன்றாக்குவதற்கு அந்தப் பிள்ளை படுகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை.

முதலெழுத்து தகப்பனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம் மட்டும்தான். தாயின் பெயரைப் போட்டு "கலைவாணி ஆதவன்" என்றோ, தாயின் தகப்பன் பெயரைப் போட்டு "யோகராசா ஆதவன்" என்றோ பெயர்க் கூட்டிலேயே விரித்து எழுதச் சொல்லலாம். யோகராசா என்று வைத்தால் பாடசாலையில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே முதலெழுத்து இருக்கும், அதைப் பார்த்து ஆட்கள் கதைப்பார்கள் என்று சிலர் தயங்குகிறார்கள். கலைவாணி என்று வைத்தால் ஒவ்வொரு இடத்திலும் "இது தகப்பன் பெயரா" என்று கேட்பார்கள் என்று வேறு சிலர் தயங்குகிறார்கள். என்னைக் கேட்டால் தாயின் பெயரையே வைக்கச் சொல்வேன், பிள்ளையை வளர்க்கப் போகிறவள் அவள்தான். எதை வைத்தாலும் ஒன்றை மட்டும் வையுங்கள், பதிவு நடக்கிற அன்றே வையுங்கள், அதே எழுத்தில் எல்லா இடமும் எழுதுங்கள்.

[திரையில்: தகப்பன் கூட்டில் ஒரு பெயர் எழுதப்பட்டு, அதன் குறுக்கே கோடு விழுகிறது.]

செய்யக் கூடாதது என்ன? வெறுமையைப் பார்க்கச் சகிக்காமல் பிள்ளையின் அம்மப்பாவையோ மாமாவையோ தகப்பன் என்று எழுதுவது. இன்னும் சில வீடுகளில் அம்மம்மாவே தாய், அம்மப்பாவே தகப்பன், பெற்றவள் அக்கா என்று பதிந்துவிடுகிறார்கள். மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்கிறார்கள், அந்தத் தவிப்பு விளங்குகிறது. ஆனால் தெரிந்துகொண்டே பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். அதோடு பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் கடதாசியில் ஒரு தொடர்பும் இல்லாமல் போய்விடும். பிறகு அவள் வெளிநாட்டுக்குக் கூப்பிட நினைத்தாலும், தன் காணியை மகனுக்கு எழுதாமலே இறந்துவிட்டாலும், பிள்ளை என்று காட்ட அவளிடம் எதுவும் இருக்காது. தாயின் பெயர் சரியாக இருந்தால் எழுதி வைக்காத சொத்திலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. தகப்பனின் எழுதி வைக்காத சொத்தில்தான் கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு உரிமை இல்லை.

குடியுரிமை போய்விடுமோ என்றும் பயப்படுகிறார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் வழியைத்தான் பார்த்தது, பாட்டன், பூட்டன் விபரம் கேட்கிற கூடுகள் பிறப்புப் படிவத்தில் இருப்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் அதே சட்டம், கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவர் விஷயத்தில் தகப்பன் என்று வருகிற இடத்தில் தாய் என்று வாசிக்கச் சொன்னது. 2003இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாலோ தகப்பன் வழியாலோ யாருக்கும் குடியுரிமை வரும். ஆதவனுக்கு இதில் எந்தக் குறையும் இல்லை.

இன்னும் சில வேறுபட்ட நிலைமைகள். தாலி கட்டிச் சேர்ந்து வாழ்கிறார்கள், விவாகப் பதிவு இல்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்தபோது இப்படி நடந்த கல்யாணங்கள் நம் பக்கம் ஏராளம். விவாகச் சான்றிதழ் காட்ட முடியாவிட்டால், இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கையெழுத்து வைத்தால் தகப்பன் பெயர் ஏறிவிடும், தாய் தனியே போனால்தான் சிக்கல். அடுத்தது, சட்டப்படி கல்யாணம் செய்தவர்களில் தகப்பன் இறந்துவிட்டார், அல்லது காணாமல் ஆக்கப்பட்டுவிட்டார். அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் உண்டு, விவாகச் சான்றிதழைக் காட்டி எழுதச் சொல்லுங்கள், எக்காரணம் கொண்டும் அந்தக் கூட்டை விட்டுவிடாதீர்கள்.

கடினமானது இதுதான்: புருஷனைப் பிரிந்து வாழ்கிறாள், விவாகரத்து இல்லை, வேறொருவரால் பிள்ளை. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி, கல்யாணம் நிலைத்திருக்கும்போதோ அது முறிந்து 280 நாளுக்குள்ளோ பிறந்த பிள்ளை அந்தப் புருஷனின் பிள்ளை. கருத்தரித்த காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்திருக்க வழியே இல்லை என்றோ, புருஷன் ஆண்மையற்றவர் என்றோ நிரூபித்தால் மட்டும்தான் மாறும். இதைப் பதிவாளரோடு வாதாடித் தீர்க்க முடியாது. யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, வசதி இல்லாதவர்கள் பதிவுக்கு முன்பே அங்கே போய்க் கேளுங்கள்.

[திரையில்: நீதவான் நீதிமன்றம்.]

தகப்பன் பெயர் இல்லாமல் பதிந்துவிட்டால் அவர் செலவுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று ஒரு கதை உலாவுகிறது. அது பிழை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் கலைவாணி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவர்தான் தகப்பன் என்பதை அவள் நிரூபிக்க வேண்டும், மரபணுப் பரிசோதனை அதற்கு உதவும்.

அந்த ஆணே மனம் மாறி, சில வருடம் கழித்து அவளைக் கல்யாணம் செய்தால்? அப்போது பிள்ளை சட்டப்படி கல்யாணத்துக்குள் பிறந்த பிள்ளையாகிவிடும். இரண்டு பேரும் விண்ணப்பித்துத் தகப்பன் விபரத்தைப் பதிவில் சேர்க்கலாம். ஆனால் பெயர்க் கூட்டில் உள்ள "கலைவாணி ஆதவன்" அதனால் மாறாது, மாற்ற வேண்டுமென்றால் பெயர் மாற்றத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தால் அந்தப் பெயரை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் எண்ணம். தகப்பன் கூட்டில் பெயர் வந்தால் போதும், முதலெழுத்து தாயுடையதாகவே இருக்கட்டும்.