உறைகிடங்கின் உள்ளே வியர்வை

நேயர்களுக்கு வணக்கம். உறைநிலைக் கிடங்குகளில், அதாவது ஃப்ரீசர் அறைகளில், வேலை செய்கிறவர்களின் உடையைப் பற்றி யாரிடம் பேசினாலும், எவ்வளவு தடிமனான ஜாக்கெட் வாங்க வேண்டும் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அதற்குப் பதில் சொல்லும் முன் நான் வேறொன்றைக் கேட்பது வழக்கம். காலையில் உடுத்திக்கொண்ட ஜாக்கெட்டை, மாலையில் கழற்றியவுடன் எப்போதாவது எடை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கழற்றிய ஜாக்கெட் சில நூறு கிராம் கூடியிருந்தால், அந்தக் கூடுதல் எடையில் பெரும்பங்கு அதை அணிந்தவருடைய வியர்வையாகத்தான் இருக்கும். இந்த உரை முழுவதும் அந்தச் சில நூறு கிராமைப் பற்றியதுதான்.

உடை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை; தன் இழைகளுக்கிடையே காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 20 மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், காற்று இருந்த இடைவெளியில் வியர்வை புகுந்துவிட்டால் அந்த ஜாக்கெட் பார்வைக்கு அதே தடிமனுடன் இருந்தாலும் காப்பில் பழைய ஜாக்கெட் அல்ல. உடையின் காப்பை அளக்க ‘கிளோ’ என்றோர் அலகு உண்டு. சாதாரண கோட்டு சூட்டு அணிந்தவருக்குக் கிடைக்கும் காப்பு சுமார் 1 கிளோ. குளிர்காப்பு உடைக்கான ஐரோப்பியத் தரமான EN 342-இன்படி சோதித்த உடைகளின் சீட்டில் காப்பு அளவு அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அது உலர்ந்த உடையை மாதிரி உருவத்துக்கு அணிவித்து அளந்த எண் என்பதை வாங்குபவர்கள் பலர் கவனிப்பதில்லை.

மைனஸ் 20 டிகிரி அறையில் இருவர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மற்றவர் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிறார். உட்கார்ந்து ஓட்டுபவரின் உடல் குறைந்த வெப்பத்தையே உண்டாக்குவதால், அவர் நெடுநேரம் குளிராமல் இருக்க ஏறத்தாழ 4 கிளோ தேவைப்படும். பெட்டி தூக்குபவரின் உடல் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தை உண்டாக்குவதால், அவருக்கு 2 கிளோவே போதுமானதாக இருக்கும். இவை தோராயமான கணக்குகளே. காற்றோட்டத்தையும் ஆளின் உடல்வாகையும் பொறுத்து மாறும். இருந்தும் நிர்வாகம் இருவருக்கும் ஒரே உடையைத்தான் கொடுக்கிறது. அதனால் ஓட்டுநர் நடுங்குகிறார். அவரைப் பார்த்து உடையின் தடிமனைக் கூட்டினால், தூக்குபவர் வியர்க்கிறார். 4 கிளோ உடையைப் போட்டுக்கொண்டு கையைக் காலை இயல்பாக அசைப்பதே கடினம் என்பதால், ஓட்டுநரின் சிக்கலுக்குச் சூடேற்றிய கேபினோ, உள்ளே இருக்கும் நேரத்தைக் குறைப்பதோதான் வழி. இன்னொரு ஜாக்கெட் அல்ல.

தூக்குபவரின் வியர்வை எங்கே போகிறது? தோலருகே ஆவியாகி வெளிப்புறம் நோக்கி நகர்கிறது. வழியில் ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிடக் குளிர்ந்திருப்பதால், ஓரிடத்தில் ஆவி நீராகிறது. இன்னும் சற்று வெளியே பனிப்படலமாக உறைகிறது. வேலை முடித்து வந்தவரின் ஜாக்கெட்டில் வெளித்துணிக்கு உட்புறமாக விரலை விட்டால், மாவு தூவியதுபோல் வெண்மையான பொடி நகத்தில் ஒட்டும். துணியை மடக்கினால் மெல்லிய நொறுங்கல் ஓசை கேட்கும். நீராவியை வெளியேற்றும் சவ்வு வைத்த விலை உயர்ந்த ஜாக்கெட்டும் இந்த ஆழ்குளிரில் பெரிதாக உதவுவதில்லை, ஏனெனில் ஆவி சவ்வை எட்டும் முன்னரே, அல்லது எட்டிய இடத்திலேயே, உறைந்துவிடுகிறது.

உள்ளே இருக்கும்போது இந்தப் பனி பெரிதாகத் தெரியாது. ஓய்வறைக்கு வந்து ஜாக்கெட்டைப் போட்டபடியே உட்காரும்போது அது உருகி உள்பஞ்சில் ஊறுகிறது; இரண்டாவது முறை உள்ளே போகிறவர் ஈரப்பஞ்சைச் சுற்றிக்கொண்டு போகிறார். அந்த ஈரம் காய்வதற்கான வெப்பத்தையும் அவர் உடலே கொடுக்க நேரலாம். ஒரு கிராம் வியர்வை ஆவியாக சுமார் 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உடையில் தங்கிய 200 கிராம் ஈரம் இரண்டு மணி நேரத்தில் உடல் வெப்பத்தாலேயே முழுவதும் ஆவியாகிறது என்று கொண்டால், நொடிக்கு 67 ஜூல், அதாவது 67 வாட் வெப்பம் போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் உண்டாக்குவதே ஏறத்தாழ 100 வாட்தான். உண்மையில் இவ்வளவும் உடலிலிருந்தே எடுக்கப்படுவதில்லை என்றாலும், மதியத்துக்குமேல் “காலையில் இப்படிக் குளிரவில்லையே” என்று தொழிலாளர்கள் முணுமுணுப்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

ஆகவே வேலையைத் தொடங்கும்போது சற்றே குளிர்வதுபோல் உடுத்திக்கொள்வது சரி. வியர்வை அரும்பும் முன் கழுத்து ஜிப்பை இறக்க வேண்டும். வியர்த்த பிறகு இறக்கினால் நனைந்த துணியின் மேல் குளிர்காற்று பாயும். தோலை ஒட்டிய அடுக்கில் பருத்தி வேண்டாம், அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ பாலியெஸ்டரோ போதும், அதுவும் இடைவேளையில் மாற்றிக்கொள்ள இன்னொன்று கையில் இருந்தால் மிக நல்லது. ஓய்வறைக்குள் வருமுன் உடையின் வெளிப்புறப் பனியைத் தட்டிவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றி, முழுவதும் விரித்து, காற்றோட்டமுள்ள வெதுவெதுப்பான இடத்தில் தொங்கவிட வேண்டும். மூடிய அலமாரிக்குள் திணித்த ஜாக்கெட் மறுநாள் காலையிலும் ஈரமாகவே கிடக்கும்.

கைகளின் நிலை இதைவிடச் சிக்கலானது. விரல்தோலின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது நுணுக்கமான வேலை தடுமாறத் தொடங்குகிறது; 8 டிகிரியை ஒட்டி வரும்போது தொட்ட பொருளின் உணர்வே மங்கிவிடுகிறது. இதைத் தடுக்க மேலும் மேலும் தடித்த கையுறையைத் தேடுவது ஓரளவுக்குமேல் பயன் தராது. விரல் ஒரு மெல்லிய உருளை. அதன்மேல் காப்பைத் தடிக்க வைக்கத் தடிக்க வைக்க, வெப்பம் வெளியேறும் புறப்பரப்பும் பெருகுகிறது. மேலும் உடலின் நடுப்பகுதி குளிர்ந்தால் உடல் விரல்களுக்குச் செல்லும் இரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். கையுறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நனைந்த முதுகு விரல்களைக் குளிரச் செய்யும் என்று இதனால்தான் சொல்கிறோம்.

தடித்த கையுறை போட்டவர் ஸ்கேனரின் பொத்தானை அழுத்த முடியாமல், பல்லால் கவ்வி அதைக் கழற்றி, வெறுங்கையால் வேலையை முடித்து, மீண்டும் மாட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு முறைக்குச் சில நொடிதான். ஆனால் நாளெல்லாம் நூறு முறை. வெறும் விரல் மைனஸ் 20 டிகிரி உலோகத்தைத் தொட்டால் நொடிகளிலேயே ஒட்டிக்கொண்டு தோல் பாதிக்கப்படலாம். இதற்கு மெல்லிய பின்னல் உள்ளுறையும், அதன்மேல் எளிதில் கழற்றக்கூடிய தடித்த வெளியுறையும் உதவும். வெளியுறையைக் கழற்றினாலும் உலோகம் வெறுந்தோலில் படாது. வெளியுறை இறுக்கமாக இருக்கக் கூடாது: விரல்நுனியை அழுத்தினால் காற்றும் போகும், இரத்தமும் குறையும். வாங்கும் முன் இரண்டையும் போட்டுக்கொண்டு, அவர் உண்மையில் பயன்படுத்தும் அதே ஸ்கேனரை இயக்கி, ஒரு லேபிளின் முதுகுத்தாளை உரித்துப் பார்க்கச் சொல்வதுதான் நான் நம்பும் சோதனை.

கையுறைக்குள்ளும் வியர்வை சேர்கிறது. பெட்டிகளின் பனியும் இடைவேளையில் உருகி உள்ளே ஊறுகிறது. விரல்நுனியைக் கிள்ளிப் பாருங்கள்: பஞ்சு மெல்ல மீண்டு எழுந்தால் உலர்ந்திருக்கிறது, கட்டியாகவே நின்றால் ஈரம் இருக்கிறது. ஆளுக்கு மூன்று ஜோடி உள்ளுறை கொடுத்து, ஒன்று கையிலும் ஒன்று உலர்த்தியிலும் ஒன்று தயாராகவும் இருக்கும்படி வைத்தால், ஒவ்வோர் இடைவேளைக்குப் பிறகும் அவர் உலர்ந்த கையோடு உள்ளே போகலாம்.