ஒரே ஏ4 தாள்... குட்டை மரமா, நெட்டை மரமா?

[காட்சி: மேசையில் இரண்டு பேப்பர் கிறிஸ்துமஸ் மரங்கள்]

இந்த இரண்டு மரமும் ஒரே அளவு ஏ4 தாளில் செய்தவை. இடது பக்கம் இருப்பதன் உயரம் 13 சென்டிமீட்டர், வலது பக்கம் இருப்பது 20. வெட்டிய விதம் மட்டும்தான் வேறு.

கொஞ்சம் கெட்டியான கலர் தாள், ஸ்கேல், கத்தரிக்கோல், டபுள் சைடு டேப் போதும். பிரிண்டர் தாள் வேண்டாம், அலங்காரம் ஏறியதும் தொய்ந்துவிடும்.

இப்போது அளவு. தாளை அரைவட்டமாக வெட்டிச் சுருட்டினால், கூம்பின் அடி அகலம் அந்த வட்டத்தின் ஆரம் அளவுக்கு வரும். ஏ4-இல் கிடைக்கும் ஆரம் சுமார் 14.8. அதனால் அடி கிட்டத்தட்ட 15, உயரம் 13. குண்டு மரம்! கால்வட்டமாக வெட்டினால் அடி அகலம் ஆரத்தில் பாதிதான். தாளின் மூலையே மரத்தின் நுனி, ஆரம் 21. அடி சுமார் 10, உயரம் 20. மானிட்டர் பக்கத்தில் வைக்க இந்த ஒல்லி மரம்தான் என் கட்சி. அலமாரியில் 30 சென்டிமீட்டர் மரம் வேண்டுமா? சார்ட் பேப்பரில் 31 ஆரத்துக்குக் கால்வட்டம் வெட்டுங்கள்.

இவ்வளவு பெரிய வட்டத்துக்குக் காம்பஸ் எட்டாது. ஸ்கேலின் பூஜ்ஜியத்தை மூலையில் வைத்து, ஸ்கேலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி 21-இல் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். புள்ளிகளைச் சேர்த்தால் வளைவு வந்துவிடும்.

சுருட்டும் முன் தாளை மேசை விளிம்பில் இழுத்து வளைத்துக்கொள்ளுங்கள், மடிப்பு விழாது. ஓரம் ஒரு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று வரட்டும், நுனியிலிருந்து கீழ்நோக்கி ஒட்டுங்கள். அடியில் இரண்டு முனைகளும் சரியாகச் சேராமல் படிபோல் நின்றால் நுனி விலகியிருக்கிறது. பிரித்து ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மரம் சாய்ந்துதான் நிற்கும்.

அலங்காரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பச்சைக் குஞ்சம். 4 சென்டிமீட்டர் அகலப் பட்டையில் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெருக்கமாக வெட்டி, பென்சிலில் சுற்றிச் சுருளவிடுங்கள். வெட்டாத மேல்விளிம்பில் மட்டும் டேப். கீழிருந்து தொடங்கி, 2 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை. கூம்பு மேலே போகப் போகக் குறுகுவதால், ஒல்லி மரத்தில் ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட சுமார் 3 சென்டிமீட்டர் குறையும். நீளமான பட்டையை ஒரே மூச்சில் சுற்றினால் அது கோணலாக ஏறிவிடும். 8 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி ஒட்டினால் வரிசை நேராக நிற்கும். முழு மரத்துக்கு இரண்டு ஏ4 பச்சைத் தாள் தாராளம்.

உச்சியில் ஒரு நட்சத்திரம். உள்ளே வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரி எல்இடி மட்டும், மெழுகுவத்தி கூடவே கூடாது. ஃபேன் காற்றில் விழுந்தால், அடியில் ஒரு அட்டை வட்டம் ஒட்டி அதில் நாலைந்து நாணயங்களை டேப் போட்டு வையுங்கள். உங்கள் அலமாரித் தட்டின் உயரத்தை கமெண்டில் போடுங்கள், அதற்கான ஆரத்தைச் சொல்கிறேன்.