கால் தூங்கவிடாத ராத்திரிகள்

எல்லோருக்கும் வணக்கம். உப்பு, தண்ணீர், பழம் பற்றியெல்லாம் டயாலிசிஸ் யூனிட்டிலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் ராத்திரியைப் பற்றிப் பேசுகிறேன்.

லாரி ஓட்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரம் 3 நாள், காலை ஷிஃப்ட். மிஷினில் இருக்கும் 4 மணி நேரமும் கண்ணயர்ந்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் ஒரே அசதி, சாயங்காலம் வரை தூக்கம். இரவு 11 மணிக்குப் படுத்தால் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும். எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் திரும்ப வரும். 2 மணிக்கு ஹாலில் நடக்கிறவரைப் பார்த்த மனைவி, "கண்டதையும் நினைச்சு மனசைக் கெடுத்துக்காதீங்க" என்கிறார். அவருக்குக் கடன் கவலை என்று அந்த அம்மாவுக்கு நினைப்பு.

கவலை இருக்கலாம். ஆனால் அவரைத் தூங்கவிடாதது கால். ஓய்வில் கூடி, நடந்தால் குறைந்து, ராத்திரியில் படுத்தும் இந்தக் குடைச்சல் டயாலிசிஸ் நோயாளிகளிடம் சகஜம். சதை கல் மாதிரி இறுகிப் பிடிக்கிறதே, அந்தப் பிடிப்பு வேறு. உடம்பிலிருந்து நீரை அதிகம் எடுக்கும்போது மிஷினிலேயே வருவது அது. குடைச்சல் என்றால் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சில வாந்தி மாத்திரைகளும் சளி, அரிப்பு மாத்திரைகளும் இதைக் கூட்டிவிடும். ஆகவே மருந்துப் பையை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கவே வாங்காதீர்கள். இந்தக் குடைச்சலுக்கு டாக்டர் தரும் கபாபென்டின் போன்ற மருந்தும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அளவு கூடினால் உடம்பில் தங்கிப் பிதற்றலும் தள்ளாட்டமும் வரும்.

நம் லாரிக்காரருக்கு இரும்புச்சத்து ஏற்றினார்கள், வாந்தி மாத்திரையை மாற்றினார்கள், பகல் தூக்கத்தையும் அரை மணி நேரமாகக் குறைத்தார். கால் அடங்கியது, தூக்கமும் வந்தது. ஆனாலும் பழைய கூட்டாளி போன் அடித்தால் எடுப்பதில்லை, கிரிக்கெட் ஓடினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், "உங்களுக்கெல்லாம் நான் பாரம்" என்கிறார். இங்கேதான் நாம் ஏமாறுவோம். அசதியும் பசியின்மையும் சிறுநீரக நோயாலேயே வரும், அவற்றை வைத்து மனச்சோர்வைக் கணிக்க முடியாது. பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போவதும், தன்னையே பாரமாக நினைப்பதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் யூனிட் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதற்கு மருந்து உண்டு. மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியருகே வந்து பேசித் தரும் உளவியல் சிகிச்சையும் பலன் தந்திருக்கிறது.

வீட்டில் என்ன செய்வது? தண்ணீர் டம்ளரைக் காவல் காப்பதை ஒருவரிடம் மட்டும் விடுங்கள். வீடே போலீஸ் ஆனால் அவர் பேச்சையே நிறுத்திவிடுவார். டயாலிசிஸ் முடிந்த அன்று எதையும் கேட்காதீர்கள். மறுநாள் காலை அவர் தெம்பாக இருக்கும்போது ஒரு வேலையைக் கையில் கொடுங்கள்: கரண்ட் பில் கட்டுவது, பேரனின் கணக்கு நோட்டைப் பார்ப்பது. ஃபிஸ்டுலா கையில் கனம் தூக்காத வேலை எதுவானாலும் சரி.

"போதும், டயாலிசிஸை நிறுத்திடலாம்" என்று சொன்னால் வாயை அடைக்காதீர்கள். வலியா, செலவா, சாக நினைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. காரணமில்லாமல் ஒரு முறை யூனிட்டுக்குப் போகாமல் விட்டாலும் அன்றே டாக்டருக்குத் தெரிய வேண்டும். சாக நினைப்பதாகச் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள், நடு ராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.