பாலூட்டும் தாய்க்குக் கூடுதலாக எவ்வளவு உணவு தேவை? 500 கலோரியின் கணக்கு

[தொடக்கக் காட்சி: ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு முட்டை, ஒரு கோப்பை பால்]

வணக்கம். திரையில் நீங்கள் பார்க்கும் இந்த நான்கையும் சேர்த்தால் ஏறக்குறைய 470 கலோரி வருகிறது. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவரும் ஒரு பெண், தான் வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் ஒரு நாளில் சேர்க்கவேண்டியது கிட்டத்தட்ட இவ்வளவுதான். "இருவருக்காகச் சாப்பிட வேண்டும்" என்று சொல்லித் தட்டை இரண்டு மடங்காக நிரப்புபவர்களும், உடல் எடை பழைய நிலைக்குத் திரும்பவேண்டும் என்று உணவைக் குறைப்பவர்களும் ஒரே வீட்டில் இருப்பதுண்டு. அதனால் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

குழந்தை பிறந்த முதல் ஆறு மாதங்களில், பாலூட்டல் சீரானபின், ஒரு தாயின் உடல் நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் பால் சுரக்கிறது. 100 மில்லிலிட்டர் தாய்ப்பாலில் சுமார் 67 கலோரி இருப்பதால், குழந்தைக்குப் போய்ச்சேரும் ஆற்றல் மட்டும் 500 கலோரியைத் தாண்டுகிறது. அந்தப் பாலை உருவாக்கும் வேலைக்கும் உடல் ஆற்றலைச் செலவிடுகிறது. உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குதான் பாலாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டு, உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் மொத்தச் செலவை 675 கலோரி எனக் கணக்கிட்டன. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வேகமாக நடந்தால் செலவாகும் ஆற்றலைவிட இது அதிகம். நாற்காலியில் அமர்ந்தபடி பாலூட்டும் தாய் "ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாள்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இந்த ஒப்பீட்டை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த 675 கலோரி முழுவதும் தட்டிலிருந்து வரவேண்டியதில்லை. கர்ப்பகாலத்தில் உடல் சேர்த்துவைத்த கொழுப்பு இதற்காகவே இருக்கிறது. அதிலிருந்து நாளுக்கு சுமார் 170 கலோரி கிடைக்கும் என்று கொண்டால், மீதம் ஏறத்தாழ 505 கலோரியை உணவிலிருந்து பெறவேண்டும். கர்ப்பகாலத்தில் போதிய எடை கூடாத பெண்ணுக்கும், ஏற்கெனவே மெலிந்திருக்கும் பெண்ணுக்கும் அந்தச் சேமிப்பு இல்லை. அவர்களுக்கு 675 கலோரியும் உணவிலிருந்தே வரவேண்டும். அமெரிக்கப் பரிந்துரையில் 330 என்ற எண்ணைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு ஒரு விளக்கம்: பாலில் வெளியேறும் 500 கலோரியிலிருந்து சேமிப்பின் 170 கலோரியை மட்டும் கழித்து அந்த எண்ணைப் பெறுகிறார்கள், பாலை உருவாக்கும் செலவைத் தனியாகக் கூட்டுவதில்லை. நான் 500 கலோரியிலிருந்து தொடங்கி, பின்னர் எடையைப் பார்த்துத் திருத்திக்கொள்வதையே விரும்புகிறேன்.

[காட்சி: பாலூட்டும் நாற்காலி, அதன் அருகில் ஒரு சிறு மேசை]

இனி ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு ஆறு வாரம் ஆகியிருக்கும் ஒரு தாய், காலையில் இரண்டு துண்டு பிரெட்டும் ஒரு முட்டையும், மதியமும் இரவும் சோறும் பருப்பும் காய்கறியும் சாப்பிட்டு வந்தவர். இப்போது என்ன நடக்கிறதென்றால், மதியச் சோற்றைப் போட்டு முதல் கவளம் எடுக்கும்போதே குழந்தை அழுகிறது. திரும்பி வரும்போது சோறு ஆறிப்போய்விட்டது. பாதியைச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். அந்தப் பாதிச் சோற்றின் கணக்கு இரவு இரண்டு மணிக்குப் பசியாகத் திரும்பி வருகிறது. கையில் அப்போது கிடைப்பது இனிப்பு பிஸ்கட்தான். கலோரி வந்துவிட்டது, ஆனால் புரதமும் கால்சியமும் வரவில்லை.

இவருக்கு முதலில் தேவைப்படுவது ஒற்றைக் கையால் சாப்பிடக்கூடிய உணவு. காலை உணவோடு இன்னொரு முட்டையும், 200 மில்லிலிட்டர் கொழுப்பு நீக்காத பாலும் சேர்த்தால் சுமார் 195 கலோரி. முட்டையை முந்தைய நாள் மாலையே அவித்து, ஓட்டை உரித்து, மூடிய பாத்திரத்தில் குளிர்ச்சியாக வைத்துவிட வேண்டும். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு யாராலும் முட்டை உரிக்க முடியாது. முற்பகலில் ஒரு வாழைப்பழமும் 30 கிராம் வேர்க்கடலையும் சுமார் 275 கலோரி. வேர்க்கடலை திருகுமூடிப் புட்டியில் இருந்தால் அது திறக்கப்படவே மாட்டாது. விரலால் தள்ளித் திறக்கும் மூடியுள்ள டப்பா வேண்டும். இரவு உணவுக்குப்பின் ஒரு சிறு கிண்ணம் தயிர், 60 கலோரி. மொத்தம் 530. மதிய உணவு வழக்கம்போல முழுதாகக் கிடைத்தால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பாதியில் எழ நேர்ந்தால், மீதியை மூடிவைத்து மாலையில் சூடாக்கிச் சாப்பிடுவது எந்தச் சிற்றுண்டியையும்விட நல்லது.

பாலும் முட்டையும் சாப்பிடாதவர், ஒரு கோப்பை வேகவைத்த கொண்டைக்கடலையையும், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ஒரு துண்டு பிரெட்டையும் வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 430 கலோரி வரும். அவர்களுக்கு வைட்டமின் பி12 தாய்ப்பாலிலும் குறையக்கூடும் என்பதால், மருத்துவரிடம் அதைத் தனியாகக் கேட்பது அவசியம். ஒரு எச்சரிக்கையையும் சொல்லவேண்டும்: மடியில் குழந்தை இருக்கும்போது சூடான பாலோ தேநீரோ பக்கத்தில் வேண்டாம், ஒரு சிறு கால் உதைப்பு போதும். தண்ணீர் ஒரு குவளை எப்போதும் அருகில் இருக்கட்டும். தாகத்துக்குக் குடித்தால் போதும், தாகத்துக்கு மேல் குடிப்பதால் பால் பெருகாது.

அதிகமாகச் சாப்பிட்டாலும் பால் பெருகாது. குழந்தை எவ்வளவு அடிக்கடி குடிக்கிறது, மார்பு எவ்வளவு வெறுமையாகிறது என்பதே சுரப்பை நிர்ணயிக்கிறது. இதன் மறுபக்கத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை: தாய் குறைவாகச் சாப்பிட்டாலும் பால் பெரும்பாலும் உடனே குறைவதில்லை, உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறது. எனவே குழந்தை நன்றாக எடை கூடி, ஒரு நாளில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட டயப்பர்களை நனைத்தால் குழந்தைக்குப் பால் போதுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். தாய்க்கு உணவு போதுகிறதா என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

அதைத் தெரிந்துகொள்ள எடை பார்க்கும் கருவி வேண்டும். முதல் சில வாரங்களில் உடலில் தேங்கிய நீர் வெளியேறுவதால் எடை வேகமாக இறங்கும். அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். ஆறு வாரத்துக்குப்பின், வாரம் ஒருமுறை, காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ வரை குறைந்தால் கவலையில்லை. அதற்கு மேல் குறைந்துகொண்டே போய், எழும்போது தலைசுற்றலும் தூங்கினாலும் தீராத சோர்வும் இருந்தால், மேலே சொன்ன பட்டியலில் 150 கலோரி அளவுக்கு ஒன்றைக் கூட்டுங்கள். சோர்வு இரத்தசோகையாலோ தைராய்டு கோளாறாலோ வரக்கூடும் என்பதால் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வாரந்தோறும் எடை ஏறினால் ஒன்றைக் கழித்துவிடலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் எடுப்பவர்களுக்குப் பாலூட்டும்போது இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும். அவர்கள் இந்தச் சிற்றுண்டிகளின் நேரத்தை மருத்துவரோடு பேசி முடிவுசெய்ய வேண்டும்.

பாதித் தாய்ப்பால், பாதிப் புட்டிப்பால் கொடுப்பவருக்குத் தேவையும் ஏறக்குறைய பாதிதான். இரட்டைக் குழந்தைகளுக்கு முழுமையாகப் பாலூட்டுபவருக்கு அது இரண்டு மடங்கை நெருங்கும். ஒற்றைக் கைக்கும் இடம் இராது என்பதால் அவருக்கு ஊட்டிவிட ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

[காட்சி: குழந்தையின் முதல் திட உணவுக் கிண்ணம்]

ஆறு மாதம் ஆனதும் குழந்தை திட உணவு தொடங்கும், பால் குறையும்; ஆனால் தாயின் கூடுதல் உணவை அன்றே நிறுத்திவிடக் கூடாது. அதே காலத்தில் கர்ப்பகாலக் கொழுப்பின் உதவியும் ஏறக்குறைய தீர்ந்திருக்கும். அதனால்தான் அமெரிக்கப் பரிந்துரை இரண்டாவது ஆறு மாதத்துக்கு 330-ஐ 400 ஆக உயர்த்துகிறது. முதலில் இரவுத் தயிரை விட்டுவிட்டு, எடை நிலையாக இருக்கிறதா என்று இரண்டு வாரம் பாருங்கள். பாலூட்டும் வேளைகள் மேலும் குறையும்போது முற்பகல் வேர்க்கடலையைப் பாதியாக்குங்கள். காலை முட்டையையும் பாலையும் கடைசி வரை வைத்திருங்கள். உங்கள் குழந்தைக்கு இப்போது எத்தனை மாதம், ஒற்றைக் கையால் நீங்கள் சாப்பிடுவது என்ன என்று கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.